பார்த்தபடியே தூங்கிவிடும் அப்பாவுக்காக டிவியைத் தானாக அணைய வைத்தது

கரூர் வீட்டு ஹாலில் இருக்கும் டிவி இப்போது அப்பா தூங்கிய பிறகு தானாக அணைந்துவிடுகிறது. யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை, இரவு எழுந்து வந்து பார்க்க வேண்டியதும் இல்லை. கேட்க இரண்டு நிமிட வேலை மாதிரி இருக்கும். ஆனால் டிவியில் இருக்கும் ஸ்லீப் டைமரை வைத்து இது முடியவில்லை, ஸ்மார்ட் பிளக்காலும் முடியவில்லை. கடைசியில் வேலை செய்தது டிவியின் மெனுவில் கண்ணுக்குப் படாமல் உள்ளே இருந்த ஒரு எண். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். 43 அங்குல ஆண்ட்ராய்டு டிவி, பதிப்பு 11. அதில் HDMI வழியாக ஒரு டிடிஎச் செட்டாப் பாக்ஸ். அப்பா இரவு சாப்பிட்டுவிட்டு திவானில் சாய்ந்துகொண்டு செய்தி, பழைய படம், கிரிக்கெட் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். பத்தரை வாக்கில் கண் அசந்துவிடும். டிவி மட்டும் ஒன்று, இரண்டு மணி வரை ஓடும். நடுவில் விளம்பரம் சத்தமாக வரும்போது திடுக்கிட்டு விழிப்பார், மறுபடி தூங்குவார். உள்ளறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கும் தூக்கம் கெடும். அம்மா எழுந்து வந்து நிறுத்தினால் அப்பா உடனே கண்ணைத் திறந்து, "ஏன் நிறுத்தற, பாத்துட்டுதான இருக்கேன்" என்பார். இந்த ஒரு வசனம் எல்லா வீட்டிலும் உண்டு என்று நினைக்கிறேன்.

கரண்ட் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதற்காகத்தான் இதை ஆரம்பிப்பார்கள். மின்சாரம் அளக்கும் பிளக்கைப் போட்டுப் பார்த்ததில் டிவி ஓடும்போது 65 வாட் அளவு இழுக்கிறது. இரவில் நாலு மணி நேரம் வீணாக ஓடினால் 0.26 யூனிட், மாதத்துக்கு 7.8 யூனிட். இரண்டு மாத பில்லில் 15, 16 யூனிட்தான் வித்தியாசம். ஸ்லாப் எல்லையில் நிற்கிற வீடு இல்லையென்றால் பெரிய பணம் இல்லை. எனக்கு முக்கியம் இரண்டு பேரின் தூக்கம்.

முதலில் எடுத்தது டிவியில் இருக்கும் Sleep Timer. ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், டைமர் என்கிற பிரிவில் 30, 60, 90, 120 நிமிடம் என்று தேர்வு செய்யலாம். 30 நிமிடம் வைத்தேன், அணைந்தது. சரி, முடிந்தது என்று ஊர் திரும்பிவிட்டால், மறுநாள் ராத்திரி அம்மா போன் செய்து பழையபடி ஓடுகிறது என்கிறார். இந்த டைமர் ஒரு தடவைக்குத்தான். டிவி அணைந்ததும் அதுவும் அழிந்துவிடும், தினமும் புதிதாக வைக்க வேண்டும். அதாவது, தூங்கப்போகிறோம் என்று தெரிந்தவருக்கான வசதி இது. பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறவருக்கு, தூங்கப்போகிறோம் என்பதுதானே தெரியாது. அப்பாவுக்குப் பழக்கப்படுத்திப் பார்த்தோம். ஐந்தாறு தடவை அமுக்கி உள்ளே போக வேண்டிய மெனு, எழுத்து சின்னது, ஹாலில் விளக்கும் கிடையாது. சில நாள் வைத்தார், அப்புறம் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அந்தச் சில நாளில் இன்னொரு விஷயம் தெரிந்தது. 30 நிமிடத்தில் அணைந்தபோது அப்பா பெரும்பாலும் விழித்துக்கொண்டார். சத்தம் சட்டென்று நின்றதும் கண் திறந்து, ரிமோட்டைத் தேடி மறுபடி போட்டுவிடுவார். அரைத்தூக்கத்தில் இருக்கும்போது சத்தம் நிற்பதும் எழுப்பிவிடுகிறது. நன்றாகத் தூங்கின பிறகு நின்றால் எழுவதில்லை. ஆகவே சீக்கிரம் அணைப்பது நல்லது இல்லை என்பது அப்போதே மனசில் பதிந்தது.

அடுத்து ஸ்மார்ட் பிளக். 10 ஆம்பியர், மின்சாரம் அளக்கும் வசதி உள்ளது, 900 ரூபாய்க்கு வாங்கினேன். டிவி, பாக்ஸ் இரண்டையும் ஒரு எக்ஸ்டென்ஷனில் போட்டு, அதை இந்தப் பிளக்கில் மாட்டி, இரவு பதினொன்றரைக்கு ஆஃப், காலை ஐந்துக்கு ஆன் என்று ஆப்பில் ஷெட்யூல் வைத்தேன். அணைந்தது உண்மைதான், ஆனால் பிளக்குக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும், ஆள் விழித்திருக்கிறாரா என்பது தெரியாது. கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவருக்குப் போகிற நேரத்தில் கரண்ட் போன மாதிரி எல்லாம் இருண்டுவிட்டது. அப்பா முதலில் ஃபியூஸ் போய்விட்டது என்று எழுந்துபோய் போர்டைப் பார்த்திருக்கிறார். அப்புறம் நடு இரவில் யாராவது டிவி போட நினைத்தாலும் ரிமோட்டுக்கு அசையாது. பிளக்கில் ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனால் அது டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. வயதானவர் இருட்டில் குனிந்து கைவிட்டுத் தேட வேண்டிய இடம் இல்லை அது.

இன்னொன்று, ஆண்ட்ராய்டு டிவி உள்ளே ஒரு கம்ப்யூட்டர்தான். ஸ்டாண்ட்பைக்குப் போகாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தினமும் மின்சாரத்தைப் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் ஒவ்வொரு நாளும் முழுதாக பூட் ஆகி வருவதற்கு நேரமும் எடுத்தது. ஆகவே டிவியை அந்தப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டேன். பிளக்கை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டேன், அதைக் கீழே சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகுதான் எது தேவை என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இத்தனை மணிக்கு அணை என்பதும் வேண்டாம், இத்தனை நிமிடத்தில் அணை என்பதும் வேண்டாம். கடைசியாக ரிமோட்டைத் தொட்டு இவ்வளவு நேரம் ஆனால் அணை என்பதுதான் வேண்டும். விழித்திருக்கிறவர் எப்படியும் சேனல் மாற்றுவார், சத்தம் கூட்டுவார், குறைப்பார். தூங்குகிறவர் எதையும் தொட மாட்டார். டிவிக்குத் தெரியக்கூடிய ஒரே அடையாளம் அதுதான்.

டிவி மெனுவில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினால், System பிரிவில் Power & Energy என்று ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு விதமான நேரம். சும்மா இருக்கும்போது எவ்வளவு நேரத்தில் அணைய வேண்டும் என்பது ஒன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போது என்பது இன்னொன்று. முதலாவதில் 15 நிமிடம் வரை குறைக்கலாம், ஆனால் அதனால் நமக்குப் பயன் இல்லை. ஹோம் ஸ்கிரீனிலோ, படம் நின்றுபோய் ஒரே காட்சி நிற்கும்போதோதான் அது எண்ண ஆரம்பிக்கும். வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஆப், திரையை அணைக்காதே என்று சிஸ்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. எங்கள் டிவியில் அதற்கு மிகக் குறைந்த அளவே 4 மணி நேரம். பத்தரைக்குத் தூங்கினால் இரண்டரைக்கு அணையும், அதுவரை பழைய கதைதான்.

ஆனால் இப்படி ஒரு செட்டிங் இருக்கிறது என்றால், உள்ளே அது ஒரு எண்ணாக எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அதற்குப் பெயர் `attentive_timeout`. வீடியோ ஓடினாலும் சரி, ஆப் பிடித்து வைத்திருந்தாலும் சரி, ஆள் எதையும் தொடவில்லை என்றால் இத்தனை மில்லி விநாடியில் தூங்கப் போ என்று சொல்லும் எண் அது. மெனு 4 மணி நேரத்துக்குக் கீழே விடாது. வெளியிலிருந்து எழுதினால் ஏற்றுக்கொள்கிறது.

எழுதுவதற்கு, லேப்டாப்பிலிருந்து டிவிக்குக் கட்டளை அனுப்பும் adb என்கிற கருவி வேண்டும். கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்கிற சின்ன ஜிப் கோப்பை இறக்கிப் பிரித்தால் போதும், இலவசம். டிவியில் About பகுதிக்குப் போய் பில்ட் எண் இருக்கும் வரியில் ஏழு தடவை ஓகே அமுக்கினால் Developer options திறக்கும், அதில் USB debugging ஆன் செய்ய வேண்டும். எங்கள் டிவியில் அதை ஆன் செய்ததும் வைஃபை வழியாகவும் வேலை செய்தது. சில டிவிகளில் Wireless debugging என்று தனியாக இருக்கும், அதில் திரையில் வரும் எண்ணை `adb pair` கொடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும், கீழே வரும் 5555-க்குப் பதிலாகவும் அந்தத் திரையில் காட்டும் போர்ட் எண்ணைப் போட வேண்டும். டிவியின் ஐபி முகவரி நெட்வொர்க் செட்டிங்ஸில் தெரியும், கீழே 192.168.1.50 என்று இருக்கும் இடத்தில் அதைப் போடுங்கள். லேப்டாப்பும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

```
adb connect 192.168.1.50:5555
adb shell settings get secure attentive_timeout
```

முதல் வரி போட்டதும் டிவி திரையில் இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று கேட்கும், ரிமோட்டில் ஓகே கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் லேப்டாப்பில் `unauthorized` என்று வரும், திரும்பத் திரும்ப என்ன போட்டாலும் நகராது. இரண்டாவது வரிக்கு `14400000` என்று வந்தால் அதுதான் 4 மணி நேரம். `null` என்று வந்தால் வசதியே இல்லை என்று விட்டுவிட வேண்டாம், இதுவரை யாரும் மாற்றவில்லை, தொழிற்சாலையில் வைத்த அளவே ஓடுகிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் நேராக ஒன்றரை மணி நேரம் வைக்காமல் 5 நிமிடத்துக்கு வைத்துச் சோதித்தேன். இது நல்ல பழக்கம், இல்லையென்றால் வேலை செய்கிறதா என்று பார்க்கவே ஒரு ராத்திரி போய்விடும்.

```
adb shell settings put secure attentive_timeout 300000
```

யூடியூபில் நீளமான ஒரு கச்சேரியைப் போட்டுவிட்டு ரிமோட்டைத் தொடாமல் உட்கார்ந்தேன். நாலரை நிமிடம் தாண்டியதும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல் ஒரு அறிவிப்பு வந்தது, சீக்கிரம் அணையப் போகிறது, அணையாமல் இருக்க ஏதாவது பொத்தானை அமுக்குங்கள் என்று ஆங்கிலத்தில். அரை நிமிடம் நின்றது. அப்புறம் டிவி ஸ்டாண்ட்பைக்குப் போய் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. பவர் பொத்தானை அமுக்கினால் வழக்கம்போல உடனே வந்தது. பிளக்கால் அணைந்ததற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இது டிவி தானே முறையாகத் தூங்கப் போவது. எச்சரிக்கை வந்தபோது ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினேன், அறிவிப்பு மறைந்து எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கியது. HDMI-க்கு மாற்றி செட்டாப் பாக்ஸ் ஓடும்போதும் பார்த்தேன், அங்கேயும் அணைந்தது.

அப்புறம் எவ்வளவு நேரம் வைப்பது என்கிற கேள்வி. முதலில் ஒரு மணி நேரம் வைத்தேன், `3600000`. அன்று மாலையே பிரச்சினை வந்துவிட்டது. அப்பா நன்றாக விழித்துக்கொண்டு, சேனல் மாற்றிக்கொண்டே இருக்கும்போது டிவி அணைந்துவிட்டது.

காரணம் யோசித்தால் எளிது. அப்பா கையில் இருப்பது செட்டாப் பாக்ஸ் ரிமோட். சேனல் மாற்றினாலும், சத்தம் மாற்றினாலும் அந்த சிக்னல் பாக்ஸுக்குத்தான் போகிறது. டிவிக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பொறுத்தவரை, மாலை ஆன் செய்ததிலிருந்து யாரும் எதையும் தொடவே இல்லை. எச்சரிக்கை வந்தபோதுகூட அப்பா பொத்தானை அமுக்கியிருக்கிறார், ஆனால் பாக்ஸ் ரிமோட்டில். அது டிவிக்குக் கேட்கவில்லை. செட்டாப் பாக்ஸ் வைத்திருக்கிற வீடுகளில் இந்த முறையைப் போட்டுவிட்டு இது வேலைக்கு ஆகாது என்று விட்டுவிடக்கூடிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் HDMI-CEC பார்த்தேன். அது வேலை செய்தால் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளே பாக்ஸையும் இயக்கும், ஒரே ரிமோட் போதும், எல்லா அழுத்தமும் டிவி வழியாகத்தான் போகும். டிவியில் ஆன் செய்தேன், எங்கள் பாக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உங்கள் பாக்ஸ் கேட்டால் அதுதான் நல்ல வழி.

எங்களுக்கு உதவியது பாக்ஸ் ரிமோட்டின் லேர்னிங் வசதி. டிடிஎச் ரிமோட்டுகள் பலவற்றில் டிவியின் பவர், சத்தம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளும் பொத்தான்கள் உண்டு. எங்கள் ரிமோட்டில் சத்தம் கூட்டும் குறைக்கும் பொத்தான்களையும் அப்படி மாற்ற முடிந்தது. இரண்டு ரிமோட்டையும் மேஜையில் நேருக்கு நேர், முனையும் முனையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். கற்கும் நிலைக்குக் கொண்டுபோகிற பொத்தான் சேர்க்கை ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், பெட்டியோடு வந்த காகிதத்தில் இருக்கும். சின்ன விளக்கு நிலையாக எரிந்ததும் பாக்ஸ் ரிமோட்டில் சத்தம் கூட்டும் பொத்தானை ஒரு தடவை, பிறகு டிவி ரிமோட்டில் அதே பொத்தானை அமுக்கினால் விளக்கு சிமிட்டும், கற்றுக்கொண்டது என்று பொருள். குறைக்கும் பொத்தானுக்கும், மியூட்டுக்கும் இதே மாதிரி. டியூப்லைட்டுக்கு நேர் கீழே செய்தபோது சரியாகப் பிடிக்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டுச் செய்ததும் பிடித்தது. ஆண்ட்ராய்டு டிவி ரிமோட்டில் சில பொத்தான்கள் புளூடூத் வழியாகப் போகும், அப்படியிருந்தால் லேர்னிங் பிடிக்காது. எங்கள் டிவியில் சத்தப் பொத்தான்கள் இன்ஃப்ராரெட்டில்தான் போகின்றன. உங்களுடையது எப்படி என்று பார்க்க, மொபைல் கேமராவை ரிமோட் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்குங்கள், திரையில் ஊதா நிறத்தில் ஒளி சிமிட்டினால் இன்ஃப்ராரெட். பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடலாம், முன்பக்கக் கேமராவில் பார்ப்பது நல்லது.

இதற்குப் பிறகு பாக்ஸின் சத்தத்தை முழு அளவில் வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பது எல்லாம் டிவியில் நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்கு எந்த மாற்றமும் தெரியாது, அதே ரிமோட், அதே பொத்தான். அவர் விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைப்பார், படம் வந்ததும் கூட்டுவார், அந்தப் பழக்கம் எப்போதும் உண்டு. ஆகவே விழித்திருக்கும்வரை பத்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை டிவிக்கு நாடித்துடிப்பு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன்: "இங்கிலீஷ்ல ஏதாவது எழுத்து வந்து நின்னா சவுண்டு பட்டனை ஒரு தடவ அமுக்குங்கப்பா, போயிடும்." அது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

ஒரு மணி நேரம் என்பதையும் மாற்ற வேண்டி வந்தது. ஓடிடியில் விளம்பரம் இல்லாமல் இரண்டரை மணி நேரப் படம் பார்க்கும்போது யாரும் ரிமோட்டைத் தொடுவதில்லை, படத்துக்கு நடுவில் இரண்டு தடவை எச்சரிக்கை வந்து நின்றது. ஒன்றரை மணி நேரமாக்கினேன்.

```
adb shell settings put secure attentive_timeout 5400000
```

90 நிமிடம், நிமிடத்துக்கு 60,000 என்று பெருக்கினால் இந்த எண். இப்போது ஒரு படத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கேட்கும், பெரும்பாலும் இடைவேளை தாண்டிய பிறகு. அப்பா பத்தரைக்குத் தூங்கினால் பன்னிரண்டுக்குள் அணைந்துவிடுகிறது. முதலில் சொன்னேனே, அரைத்தூக்கத்தில் சத்தம் நின்றால் விழிக்கிறார் என்று, அது இப்போது இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் நல்ல தூக்கத்துக்குப் போயிருப்பார், டிவி நிற்பது தெரிவதே இல்லை. இன்னும் குறைக்கலாமா என்று ஆசை வந்தது, 45 நிமிடத்துக்கு வைத்துப் பார்த்தேன், மறுபடி விழித்துக்கொண்டார். ஆகவே 90-ஐ விட்டு நகரவில்லை.

நடுவே விளம்பரச் சத்தம் தூக்கிப்போடுவதற்குத் தனியாக ஒன்று செய்தேன். டிவியின் சவுண்ட் மெனுவில் Auto Volume என்று ஒன்று இருந்தது, ஆன் செய்தேன். சேனலுக்கும் விளம்பரத்துக்கும் இருக்கிற சத்த வித்தியாசத்தைச் சமன் செய்கிறது. பாட்டு கேட்க அவ்வளவு நன்றாக இல்லை, சாதாரணமாகப் பார்க்கப் போதும்.

எல்லாம் முடிந்ததும் Developer options-இல் USB debugging-ஐ மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் வீட்டு வைஃபையில் இருக்கிற எந்தக் கருவியும் டிவியோடு பேசக் கேட்கலாம், அப்பா ஏதோ அறிவிப்பு என்று ஓகே கொடுத்துவிடலாம். எழுதின எண் ஆஃப் செய்த பிறகும் அப்படியே இருக்கும், கரண்ட் போய் வந்தாலும் போகாது. அழிவது இரண்டு விதத்தில்: டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்தால், அல்லது யாராவது Power & Energy மெனுவுக்குள் போய் அந்த வரியில் ஏதாவது நேரத்தைத் தேர்வு செய்துவிட்டால். சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு எங்களுக்கு மாறவில்லை, இருந்தாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி செட்டாப் பாக்ஸ். டிவி அணைந்தாலும் அது காலை வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அளந்ததில் 10 வாட். நாள் முழுக்க ஓடினால் மாதம் 7.2 யூனிட், அதாவது டிவி வீணாக ஓடியதற்குக் கிட்டத்தட்டச் சமம், யாரும் கவனிப்பதில்லை. கழற்றி வைத்த ஸ்மார்ட் பிளக்கை இதற்கு மட்டும் போட்டேன், இரவு ஒரு மணிக்கு ஆஃப், காலை நாலரைக்கு ஆன். நாலரை எதற்கென்றால், அம்மா ஐந்து மணிக்குப் பக்திப் பாட்டு போடுவார், பாக்ஸ் பூட் ஆகி சேனல் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். மூன்றரை மணி நேரம்தான் மிச்சம், பணக்கணக்கில் இது பெரிதில்லை. ஆனால் இதில் இன்னொரு லாபம் உண்டு. எப்போதாவது டிவி எண்ணாமல் விட்டுவிட்டாலும், ஒரு மணிக்கு பாக்ஸ் அணைந்ததும் HDMI-இல் சிக்னல் போய்விடும். டிவியில் No signal auto power off என்று ஒன்று இருக்கிறது, சிக்னல் இல்லாமல் 15 நிமிடம் ஆனால் டிவி தானே அணைந்துவிடும். ஆண்ட்ராய்டு இல்லாத பழைய டிவி வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: adb எல்லாம் வேண்டாம், பாக்ஸுக்கு மட்டும் பிளக் டைமர், டிவியில் இந்த நோ சிக்னல் செட்டிங். ஆள் விழித்திருக்கிறாரா என்று அதற்கும் தெரியாதுதான், ஆனால் டிவியின் மின்சாரத்தைப் பிடுங்காமல் வேலை முடிந்துவிடும், நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் போதும்.

இதில் சரிசெய்ய முடியாத ஒன்று அம்மாவின் பாட்டு. யூடியூபில் இரண்டு மூன்று மணி நேரப் பாடல் தொகுப்பைப் போட்டுவிட்டு அம்மா சமையல்கட்டில் இருப்பார், ரிமோட் ஹாலில் கிடக்கும். 90 நிமிடத்தில் பாட்டு நின்றுவிடும். இந்த எண்ணுக்குப் பகல் இரவு வித்தியாசம் கிடையாது. பகலுக்கு ஒரு அளவு, இரவுக்கு ஒரு அளவு என்று மாற்ற, பழைய போன் ஒன்றில் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் என்கிற ஆப்பைப் போட்டு நேரம் பார்த்து adb கட்டளை அனுப்ப வைக்க முயன்றேன். இரவு ஒன்பதுக்கு டிவி ஓடிக்கொண்டிருக்கும், எழுத முடிகிறது. விடியற்காலையில் டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கிறது, நெட்வொர்க் துண்டித்திருக்கிறது, பழைய அளவைத் திரும்ப எழுத ஆள் கிடைப்பதில்லை. அதோடு debugging எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், எனக்கு அது பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன். அம்மாவுக்குச் சமையல்கட்டிலேயே ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வைத்தாயிற்று, வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

கடைசியாக ஒன்று, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஆனால் இது எல்லாவற்றையும்விட முக்கியம். டிவி அணைய ஆரம்பித்த பிறகு, அப்பா இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தால் ஹால் கும்மிருட்டாக இருந்தது. அதுவரை டிவி வெளிச்சம்தான் அவருக்கு இரவு விளக்காக இருந்திருக்கிறது, எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஒருநாள் டீப்பாயில் காலை இடித்துக்கொண்டார், நல்லவேளை விழவில்லை. உடனே சென்சார் வைத்த நைட் லேம்ப் இரண்டு வாங்கினேன், ஒன்று 180 ரூபாய், நேரே பிளக்கில் செருகுவது. ஒன்று திவான் பக்கத்தில் தரையை ஒட்டிய சாக்கெட்டில், இன்னொன்று பாத்ரூம் வழியில். டிவி ஓடும்போது அந்த வெளிச்சத்துக்கே சென்சார் விளக்கை அணைத்து வைத்திருக்கிறது, டிவி நின்றதும் தானாக எரிகிறது. முதலில் ஸ்விட்ச்போர்டு உயரத்தில் வைத்தேன், அது கண்ணில் அடித்தது, தரையில் எதுவும் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்தால்தான் டீப்பாய் காலும், செருப்பும், தரைவிரிப்பின் மடிப்பும் தெரிகிறது.

மொத்தச் செலவு பிளக் 900, விளக்கு இரண்டும் 360, ஆக 1,260 ரூபாய். இன்னொரு வீட்டுக்கு இதைச் செய்வதானால் வரிசையைத் தலைகீழாக வைப்பேன்: முதலில் நைட் லேம்ப், அடுத்து ரிமோட் லேர்னிங், அதற்கப்புறம்தான் டிவியில் எண்ணை மாற்றுவது. அடுத்த மாதம் ஈரோட்டில் சித்தப்பா வீட்டுக்குச் செய்யப் போகிறேன். அங்கே கேபிள் பாக்ஸ், ரிமோட்டில் லேர்னிங் இல்லை, ஆகவே முதலில் CEC கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்காவிட்டால் பாக்ஸுக்குப் பிளக் டைமர்தான்.